மறுப்போடு வரும் மாற்று: அதன் சுமை யார் தலையில்?

1. கேள்வி

பணியிடத்தில் ஒருவரைக் கூட்டத்துக்கு அழைக்கிறார்கள். அல்லது அவருடைய வழக்கமான வேலைக்கு மேல் இன்னொரு வேலையைத் தருகிறார்கள். அவரால் இயலவில்லை. வெறுமனே 'முடியாது' என்றால் உறவு கசந்துவிடும் என்று நினைத்து, கூடவே ஒரு மாற்றையும் சொல்கிறார்: வேறொரு நாள், வேறொரு ஆள், வேலையில் ஒரு பகுதி, நேரில் வருவதற்குப் பதிலாக எழுத்தில் ஒரு குறிப்பு. அலுவலகப் பயிலரங்குகளிலும் மேலாண்மை நூல்களிலும் இதைத்தான் கற்பிக்கிறார்கள். மறுக்கும்போது மாற்றும் சொல்லுங்கள் என்பது இன்று எவரும் கேள்வி கேட்காத அறிவுரையாகிவிட்டது.

அந்த அறிவுரையைக் கேள்விக்கு உட்படுத்துவதே இக்கட்டுரையின் நோக்கம். மறுப்புக்குள் மாற்று செய்யும் வேலை என்ன? அது கசப்பை மறைக்கும் இனிப்பா, அல்லது வேலையைப் பங்கிடும் உண்மையான ஏற்பாடா? ஏற்பாடுதான் என்றால், அதன் சுமை யார் மீது விழுகிறது? மொழியியலும் உளவியலும் பொருளியலும் இதைத் தனித்தனியே தொட்டிருக்கின்றன. அவற்றை ஒன்றாக வைத்துப் பார்த்தால், ஒரு மாற்று நல்லதா கெட்டதா என்பதை அது சொல்லப்படும் பணிவைக் கொண்டு அளக்க முடியாது என்பதும், அதன் சுமையைச் சுமப்பவர் யார் என்பதைக் கொண்டே அளக்க வேண்டும் என்பதும் புலப்படும்.

2. இதுவரையான புரிதல்

மறுப்பை முகம் காக்கும் செயலாகப் பார்க்கும் மரபு, 1955-இல் எர்விங் காஃப்மன் எழுதிய கட்டுரையிலிருந்து வளர்ந்தது. பிறர் முன் ஒருவர் தனக்கென்று கோரும் மதிப்பை அவர் முகம் என்றார். முகம் கொடுத்துப் பேசுவது, முகம் முறிவது, முகத்தில் அடித்தாற்போலச் சொல்வது என்று நம் வழக்கிலேயே அந்தக் கருத்து முழுதாக இருப்பதால், தமிழ் வாசகருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பெனிலோப் பிரவுனும் ஸ்டீபன் லெவின்சனும் இதை விரித்து, பணிவுமொழி பற்றிய கோட்பாடு ஒன்றை 1978-இல் வெளியிட்டார்கள். 1987-இல் அது தனி நூலாக வந்தது. அவர்கள் சான்றாகக் கொண்ட மூன்று மொழிகளில் ஒன்று தமிழ். லெவின்சன் கோவை மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் தங்கித் திரட்டிய பேச்சுகள் அதில் உள்ளன. ஒரு சொல் எவ்வளவு சுற்றி வளைத்து வரும் என்பதை மூன்று அளவுகள் முடிவு செய்கின்றன என்பது அவர்கள் கருத்து: பேசுவோர் இருவருக்கும் இடையிலுள்ள நெருக்கம், அவர்களுள் யாருக்கு அதிகாரம் கூடுதல் என்பது, கேட்கப்படும் காரியத்தின் கனம்.

மறுப்பை மட்டும் எடுத்துப் பகுத்தவர்கள் லெஸ்லி பீபி, டொமோகோ தாகாஹாஷி, ராபின் யூலிஸ்-வெல்ட்ஸ் ஆகிய மூவர். ஜப்பானியரும் அமெரிக்கரும் மறுக்கும் விதத்தை ஒப்பிட்டு அவர்கள் 1990-இல் வெளியிட்ட வகைப்பாட்டைத்தான் இத்துறையினர் இன்றும் கையாள்கிறார்கள். நேர் மறுப்பு, மறைமுக மறுப்பு, மறுப்புக்குத் துணையாக வரும் நன்றி போன்ற சொற்கள் என்று அது பிரியும். வருத்தம், காரணம், பின்னொரு நாள் செய்வதாக வாக்கு ஆகியவற்றோடு மாற்றுச் சொல்வதும் மறைமுக மறுப்பின் கீழ் வருகிறது. அந்த மாற்றுக்கு அவர்கள் காட்டும் வாய்பாடுகள் இரண்டு. முதலாவது, 'இதற்குப் பதில் நான் அதைச் செய்கிறேன்'. இரண்டாவது, 'இதற்குப் பதில் நீங்கள் அதைச் செய்யலாமே'.

என் வாதம் இந்த இடத்தில் தொடங்குகிறது. இலக்கண நோக்கில் இரண்டும் ஒரே பெட்டியில் அடங்கும். வேலை நடக்கும் இடத்தில் அவை எதிரெதிரானவை. முதலாவதில் மறுத்தவர் ஒரு சிறு சுமையைத் தன் தோளில் ஏற்றுக்கொள்கிறார். இரண்டாவதில் சுமை கேட்டவரிடமே திரும்புகிறது, அல்லது அங்கே இல்லாத மூன்றாம் ஆள் மீது போய் விழுகிறது. பணிவை மட்டும் அளக்கும் ஆய்வில் இந்த வேறுபாடு தென்படுவதில்லை. இன்னொரு குறையும் உண்டு. பீபி குழுவினர் கையாண்டது, ஒரு சூழலை எழுதிக் கொடுத்து 'நீங்கள் என்ன சொல்வீர்கள்' என்று நிரப்பச் சொல்லும் முறை. காகிதத்தில் மாற்றை எழுதுபவர் அதை நிறைவேற்ற வேண்டியதில்லை. மாற்று உண்மையில் நடந்ததா என்ற கேள்வியை அந்த முறையால் எழுப்பவே முடியாது.

3. 'பார்க்கலாம்' என்ற விடை

தமிழ் அலுவலகங்களில் மறுப்பு பெரும்பாலும் 'இல்லை' என்று வருவதில்லை. 'பார்க்கலாம் சார்', 'ட்ரை பண்றேன்', 'முடிஞ்சா வந்துடறேன்', 'சொல்றேன்' என்றுதான் வரும். இழுத்துச் சொல்லப்படும் 'பார்க்கலா...ம்' மறுப்பு என்பது ஊரில் யாருக்கும் தெரியும். இது தமிழருக்கு மட்டும் உரிய கோழைத்தனம் என்று சிலர் எண்ணுவதற்கு ஆதாரம் இல்லை. ஆங்கில உரையாடல்களைப் பதிவு செய்து ஆராய்ந்த அனிதா போமரன்ட்ஸும் அவரை ஒத்த ஆய்வாளர்களும் 1980-களிலேயே இதைக் காட்டிவிட்டார்கள். இணக்கம் உடனே, சுருக்கமாக வருகிறது. இணங்காமை ஒரு தயக்கத்தோடு, காரணத்தோடு, தாமதித்து வருகிறது. 1999-இல் சீலியா கிட்சிங்கரும் ஹன்னா ஃபிரித்தும் இதை வைத்தே முக்கியமான ஒரு வாதத்தை முன்வைத்தார்கள். 'இல்லை என்று பட்டெனச் சொல்லப் பழகுங்கள்' என்று பெண்களுக்குப் பயிற்சி தருவது, மக்கள் உண்மையில் மறுக்கும் விதத்துக்கே முரணானது என்பது அவர்கள் நிலை. 'இல்லை' என்ற சொல்லே இல்லாத மறுப்பையும் கேட்பவர் மறுப்பாகவே புரிந்துகொள்கிறார். புரியவில்லை என்று பின்னால் சொல்வது பெரும்பாலும் சாக்கு.

ஆயினும் ஜூடி டேவிட்சன் 1984-இல் கவனித்ததை இதனோடு சேர்த்துப் படிக்க வேண்டும். அழைத்தவர் தயக்கத்தைக் கேட்டதும் மறுப்பு வரப்போகிறது என்று உணர்கிறார்; உணர்ந்ததும் அழைப்பை மாற்றி மறுபடி வைக்கிறார். 'சரி, அரை மணி நேரம் மட்டும் வாங்க', 'ஃபைல் முழுக்க வேண்டாம், பாதி போதும்' என்று பேரம் நீள்கிறது. 'பார்க்கலாம்' என்று சொன்னவர் அந்தப் பேரத்தை நடத்தும் உரிமையைக் கேட்டவரிடமே விட்டுவிடுகிறார். அதிகாரம் சமமாக இல்லாத இடத்தில் அந்தப் பேரம் எங்கே முடியும் என்று சொல்ல வேண்டியதில்லை. நல்ல மாற்றின் முதல் பயன் இதுதான். அடுத்த வடிவத்தை முன்வைக்கும் முறை மறுப்பவருக்குக் கிடைக்கிறது.

4. மாற்று ஏன் பொய்த்துப்போகிறது

நல்லெண்ணத்தோடு சொன்ன மாற்றும் நடக்காமல் போவதுண்டு. அதற்கு இரண்டு காரணங்களை ஆய்வுகள் சுட்டுகின்றன.

முதலாவது, எதிர்கால நேரம் பற்றிய மயக்கம். கால் ஸாபர்மனும் ஜான் லின்ச்சும் 2005-இல் வெளியிட்ட ஆய்வின்படி, பின்னொரு நாளில் தமக்கு இன்றைவிட அதிக ஓய்வு நேரம் இருக்கும் என்று மக்கள் நம்புகிறார்கள். பணத்தைப் பற்றி இந்த நம்பிக்கை இவ்வளவு இல்லை. நேரத்தைப் பற்றியே மிகுதி. 'இந்த வாரம் முடியாது, அடுத்த மாதம் கட்டாயம் செய்து தருகிறேன்' என்ற மாற்று இந்த மயக்கத்தில் பிறப்பது. அடுத்த மாதமும் இந்த மாதத்தைப் போலவே நெருக்கடியாக வந்து நிற்கும். அப்போது செய்யவும் முடியாது, முன்பே வாக்குக் கொடுத்துவிட்டதால் மறுக்கவும் முடியாது. இதைத் தவிர்க்க எளிய சோதனை ஒன்று உண்டு: தள்ளிப்போடும் வேலையை நாளைக் காலையே செய்யச் சொன்னால் ஒப்புக்கொள்வேனா? மாட்டேன் என்றால், அடுத்த மாதத்துக்கும் அதை வாக்காகத் தரக் கூடாது.

இரண்டாவது, கேட்பவரின் அறியாமை. ஃபிராங்க் ஃப்ளின்னும் வனெஸா லேக்கும் 2008-இல் வெளியிட்ட சோதனைகளில், முன்பின் தெரியாதவர்களிடம் சிறு உதவிகளைக் கேட்டுவரச் சிலரை அனுப்பினார்கள். எத்தனை பேரைக் கேட்டால் போதிய அளவு சம்மதம் கிடைக்கும் என்று முன்கூட்டியே ஊகிக்கச் சொன்னார்கள். உண்மையில் தேவைப்பட்டது, ஊகித்த எண்ணிக்கையில் ஏறத்தாழப் பாதிதான். முகத்துக்கு நேரே மறுப்பது எவ்வளவு கடினம் என்பது கேட்பவருக்குத் தெரிவதில்லை. அதனால் மறுக்க முடியாமல் சொன்ன மாற்றையும் அவர் மனமுவந்த வாக்காக எடுத்துக்கொள்கிறார். மேலதிகாரி 'முடியலைன்னா சொல்லுங்க' என்று உண்மையாகவே சொல்லலாம். ஆனால் அந்தச் சொல் எவ்வளவு கனமான கதவு என்பதைத் தள்ளிப் பார்ப்பவரே அறிவார்.

மறுப்பவரும் ஒரு பக்கம் தவறாகவே கணிக்கிறார். ஜூலியன் கிவி, கொலீன் கிர்க் ஆகியோரின் அண்மை ஆய்வு, அழைப்பை மறுத்தால் அழைத்தவர் மிகவும் வருந்துவார் என்று மறுப்பவர் எண்ணும் அளவுக்கு அவர் வருந்துவதில்லை என்கிறது. ஆனால் அது நட்பும் உறவுமாக உணவுக்கும் நிகழ்ச்சிக்கும் அழைக்கும் சூழலைப் பற்றியது. ஆண்டு மதிப்பீட்டு அறிக்கையில் கையெழுத்திடுபவர் அழைக்கும்போது அதே தைரியத்தை ஒருவருக்குச் சொல்லித்தர நான் தயங்குவேன்.

5. ஒரு நிலை, அதன் கணக்கு

இனி ஒரு நிலையை முழுமையாகப் பார்ப்போம். இது குறிப்பிட்ட ஒரு கல்லூரியின் கதை அன்று. கணக்குப் பார்ப்பதற்காக அமைத்துக்கொண்டது. தமிழகக் கல்லூரிகளில் பணிபுரிவோருக்கு இது அந்நியமாக இராது.

வேதியியல் துறையில் ஓர் உதவிப் பேராசிரியர். 4-ஆம் தேதி, திங்கட்கிழமை காலை. துறைத்தலைவர் நடைவழியில் நிறுத்திச் சொல்கிறார்: "மேடம், நாக் ஃபைல்ல க்ரைடீரியன் டூ நீங்க பாத்துக்கோங்க. 15-க்குள்ள வேணும். வியாழக்கிழமை மூணு மணிக்கு மீட்டிங், வந்துடுங்க."

இதில் கோரிக்கைகள் இரண்டு உள்ளன: ஒரு வேலை, ஒரு கூட்டம். நாக் மதிப்பீட்டில் நெடுங்காலம் வழக்கிலிருந்த 7 அளவுகோல்களில் இரண்டாவது, கற்றல், கற்பித்தல், மதிப்பிடுதல் பற்றியது. துறையளவில் அதற்குக் கேட்கப்படுபவை பெரும்பாலும் தேர்ச்சி விழுக்காடு, மாணவர் வழிகாட்டிகளின் பட்டியல், ஆசிரியர்களின் தகுதிச் சான்றுகள் ஆகியவை. அதுவும் 5 ஆண்டுகளுக்கு.

இப்போது அவருடைய நேரம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு விதிகள் வாரத்துக்கு 40 மணி நேரப் பணியையும், அதில் உதவிப் பேராசிரியருக்கு 16 மணி நேர நேரடிக் கற்பித்தலையும் வரையறுக்கின்றன. பாடத் தயாரிப்புக்கு 12 மணி, பதிவேடு திருத்துவதற்கும் மாணவர்களைச் சந்திப்பதற்கும் 6 மணி என்று வைத்தால் மீதம் 6 மணி. நாளொன்றுக்கு ஒன்றே கால் மணிக்கும் சற்றுக் குறைவு. அகமதிப்பீட்டுத் தேர்வின் 120 விடைத்தாள்கள் மேசையில் இருக்கின்றன. தாளுக்கு 10 நிமிடம் என்றால் 20 மணி. மதிப்பெண் ஏற்ற வேண்டிய கடைசி நாள் 12. அதற்குள் இருக்கும் 7 வேலை நாட்களின் மீதநேரம் எட்டரை மணியைத் தாண்டாது. ஏனைய பதினொன்றரை மணியை அவர் வீட்டில் இரவில்தான் செய்யப்போகிறார். புதிய வேலை வருவதற்கு முன்பே கணக்கு நிரம்பி வழிகிறது.

வழக்கமான விடை, "சரி சார், பாக்கறேன்". துறைத்தலைவர் தன் பட்டியலில் அவர் பெயருக்கு நேரே ஒரு டிக் போட்டுக்கொள்வார். 14-ஆம் தேதி மாலை 'ஃபைல் எந்த அளவுல இருக்கு' என்று கேட்பார். அன்று வரும் கோபத்துக்கு வேலை நடக்காததைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு: வேறு ஏற்பாடு செய்திருக்கக்கூடிய பத்து நாட்களை அந்தப் 'பாக்கறேன்' விழுங்கிவிட்டது.

நல்ல மறுப்புக்கு முன்னால் ஒரு கேள்வி வர வேண்டும்: இது யாருக்கு, எதற்கு, எப்போது உண்மையாகத் தேவை? நம் உதவிப் பேராசிரியர் அதைக் கேட்கிறார். கல்லூரியின் உள்தர உறுதிக் குழு, அதாவது எல்லோரும் சொல்லும் ஐ.க்யூ.ஏ.சி., 22-ஆம் தேதிதான் துறைக் கோப்புகளை வாங்குகிறது என்று தெரிகிறது. 15 என்பது துறைத்தலைவர் தம் பாதுகாப்புக்கு வைத்துக்கொண்ட இடைவெளி. மேலும், மூன்று பகுதிகளும் ஒரே அளவு வேலை அல்ல. தேர்ச்சி விழுக்காட்டுக்கான எண்கள் தேர்வுக் கட்டுப்பாட்டாளர் அலுவலகத்தில் இருக்கின்றன; அட்டவணையாக்க 4 மணி போதும். வழிகாட்டிப் பட்டியலை ஒரே ஆள் திரட்டினால் ஒவ்வொருவர் பின்னாலும் நடந்து 10 மணி போகும். அவரவரே கொடுத்தால் ஆளுக்கு ஒரு மணிக்கு மேல் ஆகாது. சான்றிதழ் நகல்கள் அலுவலகப் பணிப்பதிவேடுகளோடு உள்ளன.

கூட்டம் வேறு சிக்கல். வியாழன் பிற்பகல் அவருக்கு ஆய்வக வகுப்பு. 30 மாணவர்கள் ப்யூரெட்டும் பிப்பெட்டுமாக டைட்ரேஷன் செய்துகொண்டிருக்கும்போது ஆசிரியர் கீழே இறங்கிப் போக முடியாது. இந்தக் காரணத்தைச் சொல்வது முக்கியம். 'நேரமில்லை' என்ற பொதுக் காரணத்தை மக்கள் எளிதில் நம்புவதில்லை என்று கிராண்ட் டானலி, ஆஷ்லி விலன்ஸ் முதலியோரின் ஆய்வு காட்டுகிறது. பணமில்லை என்பதைக் கைமீறிய நிலையாக ஏற்பவர்கள், நேரமில்லை என்பதை ஒதுக்க மனமில்லை என்றே எடுத்துக்கொள்கிறார்கள். ஆகவே அமிலம் கையிலிருக்கும் 30 மாணவர்கள் என்பது 'பிஸி'யைவிட நம்பத்தக்க காரணம். அது உண்மையாகவும் இருக்க வேண்டும் என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

அன்று பிற்பகலே அவர் துறைத்தலைவரின் அறைக்குச் சென்று இப்படிச் சொல்லலாம்:

"சார், க்ரைடீரியன் டூ முழுசா என்னால எடுத்துக்க முடியாது. 12-ஆம் தேதிக்குள்ள 120 பேப்பர் திருத்தி மார்க் ஏத்தணும். பாஸ் பர்சன்டேஜ் டேபிள் மட்டும் நான் செய்யறேன். 18-ஆம் தேதி சாயங்காலம் உங்க மேசையில இருக்கும். மென்டர் லிஸ்ட்டை அவங்கவங்களே குடுக்கச் சொல்லி நீங்க ஒரு சர்குலர் போட்டா ஒரு வாரத்துல வந்துடும். வியாழக்கிழமை எனக்கு லேப், மூணு மணிக்கு வர முடியாது. என் பகுதிக்கு என்னென்ன வேணும்னு ஒரு பக்கம் எழுதி புதன்கிழமையே தந்துடறேன். இப்படிச் செய்யலாமா சார்?"

இந்தப் பேச்சில் கவனிக்க வேண்டியவை சில. மறுப்பு முதல் வாக்கியத்திலேயே, ஐயத்துக்கு இடமின்றி வருகிறது. 'முழுசா' என்ற சொல் அதன் எல்லையைக் காட்டுகிறது. காரணம் ஒரே வாக்கியத்தில் முடிகிறது. காரணங்கள் நீளும்போது ஒவ்வொன்றையும் எதிர்த்துப் பேச இடம் கிடைத்துவிடும். ஏற்றுக்கொண்ட பகுதிக்கு நாளும் பொழுதும் இருக்கின்றன. 18 என்ற தேதி ஆசையில் வந்தது அன்று. மதிப்பெண் ஏற்றிய பிறகு 13, 14, 15, 18 ஆகிய நான்கு வேலை நாட்களின் மீதநேரம் ஐந்து மணிக்குச் சற்றுக் குறைவு, வேலையோ நான்கு மணி. கடைசிக் கேள்விக்கு 'சரி' என்ற ஒற்றைச் சொல்லே விடையாகப் போதும். கேட்டவர் மறுபடி யோசித்துத் திட்டமிட வேண்டிய மாற்று அவருக்கு மாற்றாக இராது. இன்னொரு வேலையாகவே இருக்கும்.

துறைத்தலைவர் ஏற்காமலும் போகலாம். "அதெல்லாம் தெரியாது மேடம், பிரின்சிபால் உங்க பேரைத்தான் குடுத்திருக்கார்" என்று அவர் சொன்னால், எஞ்சியிருப்பது ஒரே வழி. எந்த வேலையை நிறுத்த வேண்டும் என்று அவரிடமே கேட்பது: "அப்படின்னா மார்க் ஏத்தறதை 12-க்குப் பதிலா 20-க்குத் தள்ள நீங்க பர்மிஷன் வாங்கித் தர முடியுமா சார்?" இதுவும் மாற்றுதான். வேலையை ஏற்கிறது, ஆனால் விலையை அதிகாரம் உள்ளவர் கையில் வைக்கிறது. இதற்கும் பலன் இல்லாத இடத்தில், பேச்சுத் திறன் தீர்க்கக்கூடிய சிக்கல் எதுவும் இல்லை. அங்கே இருப்பது பணிச்சுமைப் பங்கீட்டின் சிக்கல்.

6. மூன்றாம் ஆள்

மாற்று நான்கு வகையில் வரலாம்: காலத்தை மாற்றுவது, அளவைக் குறைப்பது, வடிவத்தை மாற்றுவது, ஆளை மாற்றுவது. மேலே கண்ட பேச்சில் முதல் மூன்றும் உள்ளன. நான்காவதை உதவிப் பேராசிரியர் வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறார். "புதுசா வந்த கெஸ்ட் லெக்சரர் பாத்துக்கட்டும் சார்" என்று அவர் சொல்லியிருந்தால் விவகாரம் அங்கேயே முடிந்திருக்கும். துறைத்தலைவருக்கும் வசதி, அவருக்கும் வசதி. ஆனால் கௌரவ விரிவுரையாளருக்குப் பணி நிரந்தரம் இல்லை, மறுக்கும் வலிமையும் இல்லை. அவர் அந்த அறையிலேயே இல்லை. பணிவின் அளவுகோலில் இது மிக நயமான மறுப்பு. சுமையின் அளவுகோலில் மிக மோசமானது.

இது கற்பனை அச்சம் அன்று. லிண்டா பாப்காக், மரியா ரெகால்டே, லிசே வெஸ்டர்லண்ட், லாரி வைங்கார்ட் ஆகியோர் 2017-இல் வெளியிட்ட ஆய்வு இங்கே பொருந்துகிறது. மூவர் கொண்ட குழுவில் யாராவது ஒருவர் முன்வந்து பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தியவருக்கு 1.25 டாலர், மற்ற இருவருக்கும் தலா 2 டாலர். யாரும் அழுத்தாவிட்டால் எல்லோருக்கும் 1 டாலர்தான். எல்லோருக்கும் தேவையான, செய்பவருக்கு மட்டும் குறைந்த பலன் தரும் வேலைக்கு இது நல்ல மாதிரி. ஆணும் பெண்ணும் கலந்த குழுக்களில் பெண்கள் ஆண்களைவிட 48 விழுக்காடு அதிகமாக முன்வந்தார்கள். ஆண்கள் மட்டும் இருந்த குழுக்களிலும் பெண்கள் மட்டும் இருந்த குழுக்களிலும் அந்த வேறுபாடு மறைந்தது. அதாவது இது பெண்களின் இயல்பான தியாகம் அன்று. பெண் இருந்தால் அவர் செய்வார் என்ற எதிர்பார்ப்பின் விளைவு. ஒருவர் மற்றவரைத் தேர்ந்து கேட்கும் சோதனையிலும் பெண்களிடமே அதிகமாகக் கேட்டார்கள். கேட்டவர்கள் ஆண்களாயினும் பெண்களாயினும் அப்படித்தான்.

கோப்பு தயாரித்தல், கூட்டக் குறிப்பு எழுதுதல், விழாவுக்கு வரவேற்பு ஏற்பாடு என நம் அலுவலகங்களில் சுற்றிவரும் வேலைகள் இந்தப் பொத்தானைப் போன்றவை. ஒருவர் ஆள் மாற்றைச் சொல்லி விலகும்போது, அது மறுக்க இயலாதவரை நோக்கியே உருளும். ஆகவே ஆளை மாற்றாகச் சொல்வதற்கு ஒரு நிபந்தனை வேண்டும்: அவர் பெயரைச் சொல்லுமுன் அவர் சம்மதத்தைப் பெற்றிருக்க வேண்டும்.

வியப்பு என்னவென்றால், மனிதர்கள் மறக்கும் இந்த ஒழுங்கைக் கணினி நாட்காட்டிகளின் பொது நெறிமுறை மறக்கவில்லை. கூட்ட அழைப்புகளைப் பரிமாறுவதற்கான ஆர்.எஃப்.சி. 5546 என்ற அந்த நெறிமுறை 2009-இல் வெளியானது. அதில் அழைப்பை மறுக்க `DECLINED` உண்டு. வேறு நேரம் முன்மொழிய `COUNTER` என்று தனிச் செய்தி உண்டு. அழைத்தவர் அதை ஏற்றால் புதிய அழைப்பு அனுப்புவார். ஏற்காவிட்டால் `DECLINECOUNTER` என்று வெளிப்படையாகச் சொல்வார். தனக்குப் பதில் இன்னொருவரை அனுப்ப `DELEGATED` உண்டு. ஆனால் அப்படிச் செய்பவர் அழைப்பை அந்த இன்னொருவருக்கு அனுப்ப வேண்டும்; வருகிறேன், வரவில்லை என்று அவர் தாமே அழைத்தவருக்கு விடை தர வேண்டும். அவர் பேசாமல் அவர் பெயர் பட்டியலில் உறுதியாவதில்லை. அலுவலக மரபாகவும் இது ஆக வேண்டும்.

7. மாற்று தேவைப்படாத மறுப்பு

மாற்றுச் சொல்வது கடமை என்ற எண்ணத்துக்கும் எல்லை வேண்டும். இரண்டு நிலைகளில் மாற்றுச் சொல்வது தவறாகவே முடியும்.

காரியமே முறையற்றதாக இருக்கும் நிலை ஒன்று. நடக்காத வழிகாட்டிக் கூட்டத்துக்குப் பழைய தேதியிட்டுப் பதிவு தயாரிக்கச் சொன்னால், 'முழுக்க முடியாது, பாதி செய்கிறேன்' என்பது மறுப்பாகாது. அங்கே காலத்தையோ அளவையோ மாற்றினாலும் உடன்பாடு உடன்பாடுதான். 'இதை நான் செய்ய மாட்டேன்' என்பதோடு நிற்க வேண்டும்.

மற்றொன்று, மாற்றே மறுத்த வேலையின் அளவுக்கு வளர்ந்துவிடும் நிலை. கூட்டத்துக்கு வராததற்கு ஈடாக ஒரு பக்கக் குறிப்பு சரி. பத்துப் பக்க அறிக்கை தந்தால், ஒரு மணி நேரக் கூட்டத்தை மறுத்து ஐந்து மணி நேர வேலையை வாங்கியதாகும். கீழ்நிலையில் இருப்பவர் ஒவ்வொரு மறுப்புக்கும் ஒரு மாற்றைக் கட்டணமாகச் செலுத்த வேண்டும் என்ற நிலை வந்தால், மறுக்கும் உரிமை பெயரளவில்தான் இருக்கிறது. மேலதிகாரி மறுக்கும்போது அவரிடம் யாரும் மாற்றுக் கேட்பதில்லை என்பதை நினைத்தால் இதன் சமனின்மை விளங்கும்.

8. முடிவு

மறுப்பின் நயத்தைப் பற்றி மொழியியல் நமக்கு நிறையச் சொல்லியிருக்கிறது. அந்த மறுப்புக்குப் பிறகு வேலை யாரிடம் போனது என்பதை அது பின்தொடரவில்லை. இங்கே திரட்டிய சான்றுகளை வைத்து ஒரு மாற்றைச் சோதிக்க மூன்று கேள்விகள் போதும். கேட்டவரின் உண்மைத் தேவையை இது நிறைவேற்றுகிறதா? மறுப்பவரின் நாட்களில் இதற்கு எண்ணிக் காட்டக்கூடிய மணி நேரம் இருக்கிறதா? இதில் பெயர் சொல்லப்படும் ஒவ்வொருவரும் சம்மதித்திருக்கிறார்களா? மூன்றுக்கும் 'ஆம்' என்று வரவில்லை என்றால், வெறும் 'முடியாது' அதைவிட நேர்மையானது.

வேலை கேட்கும் இடத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நடைவழியில் நிறுத்திக் கேட்காதீர்கள். எப்போது, யாருக்கு, எவ்வளவு தேவை என்பதை எழுதிக் கொடுத்து, ஒரு நாள் கழித்து விடை கேளுங்கள். 'பார்க்கலாம்' என்று விடை வந்தால் அதைச் சம்மதமாகக் குறித்துக்கொள்ளாதீர்கள். அன்றே திரும்பிச் சென்று, எது முடியும் என்று கேளுங்கள்.